வெளிநாடு கிளம்பும் கால் சென்டர் ஊழியரின் ராஜினாமா மெயில்: அடுத்தாளுக்குப் பயிற்சி தருவதை எப்படி எழுதுவது?

காரைக்குடியில் ஒரு கஸ்டமர் கேரில் நான் டீம் லீடர். ஃப்ரிட்ஜ் குளிரவில்லை, வாஷிங் மெஷின் சுற்றவில்லை, ஏ.சி.யில் தண்ணீர் சொட்டுகிறது என்று கூப்பிடுகிறவர்களின் புகாரைப் பதிந்து டெக்னீஷியனை அனுப்பி வைக்கும் வேலை. டீமில் யார் வேலையை விட்டாலும் அந்த மெயில் முதலில் என்னிடம்தான் வரும். சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று கிளம்புகிறவர்களின் மெயில்களில் கடைசியில் ஒரு வரி இருக்கும்: "புதிதாக வருபவருக்குப் பயிற்சி தரத் தயாராக இருக்கிறேன்."

நல்ல மனசோடுதான் அந்த வரியை எழுதுகிறார்கள். ஆனால் எத்தனை நாள், எந்த வேலைக்கு, எதுவரைக்கும் என்று அதில் ஒன்றுமே இருக்காது. சென்னையில் முதல் வேலையை விட்டபோது நானும் இப்படித்தான் எழுதினேன். "இன்னொரு ஆள் வந்து பழகும்வரை இருந்து உதவுகிறேன்" என்று ஒரு வரி, கடைசி நாள் எது என்று தேதி இல்லை. ஆள் வரவே இல்லை. நோட்டீஸ் காலம் முடிந்து போய்க் கேட்டபோது, "நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்களே" என்று என் மெயிலை என்னிடமே காட்டினார்கள். விடுவிப்புக் கடிதம் கைக்கு வர மேலும் இரண்டு மாதம் ஆனது. உள்ளூரில் வேறு வேலைக்குப் போனதால் சமாளித்தேன். விசா தேதி கழுத்தில் தொங்குகிறவர்களுக்கு அந்த இரண்டு மாதம் கிடையாது.

பயிற்சி தருவதாகச் சொல்வது நல்ல விஷயம்தான், சொல்லுங்கள். அதற்கு எல்லை போட்டு எழுதுவது எப்படி என்பதை ஒரு நிஜ மெயிலை வைத்தே சொல்கிறேன். அதை எழுதியது என் டீமில் மூன்று வருஷம் இருந்த புதுவயல் தங்கச்சி. சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போனாள்.

மெயிலுக்கு முன்னால்: கையில் என்ன இருக்க வேண்டும்

"வேலை கிடைச்சிருச்சுக்கா" என்று அவள் வந்து சொன்னபோது கையில் இருந்தது ஆஃபர் லெட்டர் மட்டும்தான். ராஜினாமா செய்ய அது போதாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். சிங்கப்பூருக்கு வேலை அனுமதி கேட்டு விண்ணப்பிப்பது அங்குள்ள முதலாளி. அனுமதி கிடைத்தால் அந்நாட்டு மனிதவள அமைச்சு ஐ.பி.ஏ. என்ற முன் ஒப்புதல் கடிதத்தைத் தரும். அது எதுவரை செல்லும் என்று அதிலேயே தேதி இருக்கும், அதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். கடிதம் உண்மையா என்று அமைச்சின் இணையதளத்தில் சரிபார்க்கவும் முடியும். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை நம்பி வேலையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ராஜினாமாவை நிறுவனம் ஏற்றுக்கொண்ட பிறகு திரும்பப் பெறுவது சுலபம் இல்லை. வேறு நாடு என்றாலும் முறை இதுதான்: அனுமதிக் கடிதம் வந்து, அதைச் சரிபார்த்த பிறகே மெயில்.

இரண்டாவதாக, வேலையில் சேர்ந்தபோது தந்த நியமனக் கடிதத்தைத் தேடி எடுங்கள். அதில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். நோட்டீஸ் எத்தனை நாள்? அது மெயில் அனுப்பிய நாளிலிருந்தா, மறுநாளிலிருந்தா? நோட்டீஸ் காலத்தில் லீவு எடுத்தால் அத்தனை நாள் கடைசித் தேதி தள்ளிப்போகுமா? நோட்டீஸைக் குறைத்துக்கொண்டு அந்த நாட்களுக்குப் பணம் கட்டிவிட்டுப் போகலாமா என்பதும் அதே பக்கத்தில்தான் இருக்கும். பயிற்சிக்கான ஒப்பந்தம் ஏதாவது கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் பாருங்கள். நினைவை நம்ப வேண்டாம். எங்கள் ஃப்ளோரில் எல்லோரும் முப்பது நாள் என்றுதான் சொல்வோம், ஆனால் சீனியர் ஏஜென்ட்டாகப் பதவி உயர்ந்தவர்களின் புதுக் கடிதத்தில் அறுபது என்று இருக்கிறது.

புதுவயல் தங்கச்சிக்கு முப்பது நாள்தான். அவள் மெயில் அனுப்பியது 2026 மார்ச் 2, திங்கட்கிழமை. மறுநாளிலிருந்து எண்ண வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. மார்ச் 3 முதல் நாள் என்றால் முப்பதாவது நாள் ஏப்ரல் 1. அன்றிலிருந்தே எண்ணுவதாக இருந்தால் மார்ச் 31-இல் முடிந்திருக்கும். ஒரு நாள் வித்தியாசம்தானே என்று விட்டால், அந்த ஒரு நாளுக்கு நோட்டீஸ் குறைவு என்று கடைசிக் கணக்கில் சம்பளத்தைப் பிடிப்பார்கள். டிக்கெட்டை ஏப்ரல் 12-க்கு எடுத்தாள். கடைசி நாளுக்கு மறுநாளே விமானம் ஏறுவது போலத் திட்டம் போடாதீர்கள். கையெழுத்துக்காக ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அலைவதற்கே ஒரு வாரம் வேண்டும்.

முதலில் நேரில், அன்றே மெயில்

மெயிலைப் பார்த்துத்தான் டீம் லீடர் விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வைக்காதீர்கள். ஷிஃப்ட் முடிந்ததும், "அக்கா, அஞ்சு நிமிஷம் தனியாப் பேசணும்" என்று கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். ஆனால் வாயால் சொன்ன நாளிலிருந்து நோட்டீஸ் ஓடாது. "இந்த மாசம் முடியட்டும், அப்புறம் மெயில் போடு" என்று யாராவது சொன்னால், மரியாதையாகவே, "இன்னைக்கே போட்டுடுறேன்கா, தேதி கணக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு அன்றே அனுப்புங்கள்.

நிறுவன மெயிலிலிருந்து டீம் லீடருக்கும் எச்.ஆருக்கும் அனுப்புங்கள். பிரதியில் உங்கள் சொந்த மெயில் முகவரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் மாலையில் நிறுவன மெயில் மூடிவிடும், அதற்குப் பிறகு நீங்கள் எழுதியதற்குச் சாட்சி அந்தப் பிரதிதான். சில இடங்களில் எச்.ஆர். போர்ட்டலில் தனியாக ராஜினாமா பட்டன் இருக்கும். அங்கே பதிந்த நாளிலிருந்துதான் நோட்டீஸ் ஓடும் என்பது அவர்கள் விதியாக இருந்தால், மெயிலும் போர்ட்டலும் ஒரே நாளில் நடக்க வேண்டும். மெயில் போட்டுவிட்டுப் போர்ட்டலை நான்கு நாள் கழித்துத் தொட்ட ஒரு தம்பிக்கு அந்த நான்கு நாளும் வீணாயிற்று.

பயிற்சிக்கு உண்மையில் எத்தனை நாள் கிடைக்கும்

மெயிலை எழுத உட்காரும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முப்பது நாள் நோட்டீஸ் என்றால் முப்பது நாளும் பயிற்சி தரலாம் என்று தோன்றும். புதுவயல் தங்கச்சியின் கணக்கைப் பாருங்கள். மார்ச் 2-இல் மெயில். எச்.ஆர். ஆள் தேடி, நேர்காணல் வைத்து, ஒருவர் சேர எப்படியும் இரண்டு வாரம், அதாவது மார்ச் 16. சேர்ந்ததும் எங்களிடம் ஏழு வேலை நாள் வகுப்பறைப் பயிற்சி. பொருட்கள், சாஃப்ட்வேர், பேசும் முறை எல்லாம் அங்கே சொல்லித் தருவார்கள். அதை முடித்துக்கொண்டு புது ஆள் ஃப்ளோருக்கு வரும்போது மார்ச் 25 ஆகிவிடும். கடைசி நாள் ஏப்ரல் 1. நடுவில் வார விடுமுறை. மிஞ்சுவது ஆறு ஷிஃப்ட், அதுவும் எல்லாம் சொன்னபடி நடந்தால்.

மார்ச்சில் சொன்னபடி நடப்பதும் இல்லை. மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி–பங்குனித் திருவிழாவுக்கு ஃப்ளோரில் பாதிப் பேர் லீவு கேட்பார்கள். வெயில் ஏற ஆரம்பித்ததும் ஏ.சி. புகார்களும் குவியும். அந்த நேரத்தில் இரண்டு பேரை ஒரே காலில் உட்காரவைக்க எந்த டீம் லீடருக்கும் மனசு வராது. எனக்கும் வரவில்லை. மெயிலில் எழுதியிருந்ததால்தான் ரோஸ்டரில் இடம் ஒதுக்கினேன்.

எனவே ஒரே வழியை நம்பி எழுதாதீர்கள். புது ஆள் வந்தால் ஒரு திட்டம். டீமிலேயே இருக்கும் ஒருவரை மாற்றினால் இன்னொரு திட்டம், இது இரண்டாவது நாளே தொடங்கிவிடும், வகுப்பறைப் பயிற்சியும் தேவை இல்லை. யாருமே வராவிட்டால் எழுத்தில் விட்டுச் செல்லும் குறிப்பு. இந்த மூன்றையும் ஒரே பத்தியில் சொல்லிவிடலாம். அதோடு, இன்ன தேதிக்குள் ஆளைச் சொல்லுங்கள் என்று ஒரு தேதியும் வேண்டும். அந்தத் தேதி தாண்டினால் பயிற்சி சுருங்குமே தவிர உங்கள் கடைசி நாள் நகராது என்பது படிக்கிறவருக்குத் தானாகப் புரிய வேண்டும்.

எங்கள் ஃப்ளோரில் பொறுப்பை வாங்கிக்கொள்ள வருபவரை "அடுத்தாள்" என்று சொல்வோம். செட்டிநாட்டில் இது பழைய சொல். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன காலத்துக் கடைகளில் பொறுப்பில் இருப்பவர் மேலாள், அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர் அடுத்தாள். மேலாள் பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கில் போவார், கணக்கு முடிந்ததும் அடுத்து வருபவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறுவார். கப்பல் தேதிக்குள் ஒப்படைப்பு முடிய வேண்டிய கட்டாயம் இங்கே புதிது இல்லை.

அந்த மெயில்

பெயரையும் எண்ணையும் எடுத்துவிட்டு, அவள் அனுமதியோடு அப்படியே தருகிறேன். உங்கள் எச்.ஆர். ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்றால் இதே வரிசையில் இதே விவரங்களோடு எழுதுங்கள்.

> பொருள்: ராஜினாமா – (பெயர்), ஊழியர் எண் (எண்) – கடைசி வேலை நாள் 01.04.2026
>
> மதிப்பிற்குரிய மேடம்,
>
> தமிழ் கஸ்டமர் கேர் பிரிவில் நான் பார்த்துவரும் வேலையை ராஜினாமா செய்கிறேன். நியமனக் கடிதத்தின்படி என் நோட்டீஸ் காலம் 30 நாள். நாளை, 03.03.2026 அன்று தொடங்கி 01.04.2026 அன்று முடிகிறது. அதுவே என் கடைசி வேலை நாள்.
>
> சிங்கப்பூரில் வேலை கிடைத்து, அதற்கான அனுமதியும் வந்துவிட்டது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் கிளம்புகிறேன்.
>
> நோட்டீஸ் காலத்தில் என் வேலையை எடுத்துக்கொள்பவருக்குப் பயிற்சி தர விரும்புகிறேன். ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு மணி நேரம் என்று ஆறு ஷிஃப்ட் தேவைப்படும். முதல் இரண்டு ஷிஃப்ட் அவர் என் கால்களைக் கேட்பார். அடுத்த மூன்று ஷிஃப்ட் அவர் பேச, நான் கூடவே கேட்பேன். கடைசி ஷிஃப்டில் அவர் தனியாக எடுப்பார், நான் பக்கத்து சீட்டில் இருப்பேன். டீமில் உள்ள ஒருவரை மாற்றுவதாக இருந்தால் இந்த வாரமே தொடங்கலாம். புதியவர் என்றால் அவருடைய வகுப்பறைப் பயிற்சி முடிந்த மறுநாளே தொடங்கலாம். யார் என்பதை 13.03.2026-க்குள் தெரிவித்தால் ஆறு ஷிஃப்டும் முழுமையாகத் தர முடியும். தாமதமானால் மீதமிருக்கும் நாட்களில் முடிந்தவரை தருகிறேன்.
>
> ஆள் அமையாவிட்டாலும் பயன்படும்படி, காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பகுதிக் கால்களுக்கான குறிப்புகளையும் முடியாத புகார்களின் பட்டியலையும் 25.03.2026-க்குள் எழுதி உங்களிடம் தந்துவிடுகிறேன்.
>
> பயிற்சி நேரத்தில் என் கால் எண்ணிக்கை குறையும், பேசும் நேரம் கூடும். அந்த நேரத்தை இந்த மாத டார்கெட் கணக்கிலிருந்து விலக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பயிற்சி எடுப்பவருக்கு அவருடைய சொந்த லாகினை முன்கூட்டியே ஏற்பாடு செய்யவும் வேண்டுகிறேன்.
>
> இந்த மெயில் கிடைத்ததையும் 01.04.2026 என் கடைசி நாள் என்பதையும் பதில் மெயிலில் உறுதிசெய்யுங்கள். ஒப்படைக்க வேண்டிய பொருட்களின் பட்டியலையும், விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்பதையும் தெரிவியுங்கள்.
>
> இந்த மூன்று வருஷத்தில் பேசக் கற்றுக்கொண்டது இங்கேதான். நன்றி.
>
> (பெயர்)
> (ஊழியர் எண், சொந்தக் கைபேசி எண், சொந்த மெயில்)

வரிக்கு வரி ஏன் அப்படி

கடைசி நாள் பொருள் வரியிலேயே இருப்பதைக் கவனியுங்கள். எச்.ஆர். அந்த மெயிலைத் திறக்காமல் நான்கு பேருக்கு ஃபார்வர்ட் செய்தாலும் தேதி கூடவே போகும். முதல் பத்தியிலும் தேதி வருகிறது. "என் கடைசி நாளாக இருக்கலாம்", "உங்கள் வசதிப்படி" போன்ற சொற்களைச் சேர்த்தால் தேதி ஒரு கோரிக்கையாகிவிடும். அது நியமனக் கடிதம் உங்களுக்குத் தந்த தேதி. அறிவிப்பாகவே எழுதுங்கள்.

வெளிநாட்டு விஷயத்துக்கு இரண்டு வாக்கியம் போதும். எந்த நிறுவனம், என்ன சம்பளம் என்பதை எழுத வேண்டியதில்லை, கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அனுமதி வந்துவிட்டது, கிளம்பும் வாரம் இது என்ற தகவல் அவசியம் வேண்டும். சம்பளம் கூட்டித் தருகிறோம், இரு என்ற பேச்சு அதிலேயே பாதி அடங்கிவிடும்.

பயிற்சிப் பத்தி கடைசி நாளைப் பற்றிய பத்தியிலிருந்து தனியாக நிற்கிறது. "பயிற்சி முடிந்ததும் விடுவிக்கும்படி" என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கோர்த்தால், பயிற்சி முடியவில்லை, அதனால் விடுவிக்க முடியாது என்று வாசிக்க இடம் கிடைத்துவிடும். என் பழைய மெயிலில் நடந்தது அதுதான்.

டார்கெட்டை விலக்கக் கேட்டது பேராசை இல்லை. அவளுக்கு ஒரு காலுக்குச் சராசரியாக ஐந்து நிமிஷம் ஆகும். புது ஆள் பேசிய கால்கள் ஏழெட்டு நிமிஷம் வரை போயின. ஹோல்டில் போட்டு இவளிடம் கேட்டுக்கொண்டு திரும்ப வருவதால் அப்படித்தான் ஆகும். முன்கூட்டியே எழுதாமல் இருந்திருந்தால் கடைசி மாத இன்சென்டிவ் போயிருக்கும், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல அப்போது அவள் இங்கே இருந்திருக்கவும் மாட்டாள்.

லாகின் விஷயம் இதைவிட முக்கியம். புது ஆளுக்கு ஐ.டி. உருவாக நாளாகும். அதுவரை "உன் ஐ.டி.யிலேயே பேசட்டும்" என்று யாராவது சொல்வார்கள், நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கால் உங்கள் பெயரில் பதிவாகும், தரச் சோதனையில் உங்கள் மதிப்பெண் குறையும், வாடிக்கையாளர் விவரத்தில் தவறு நடந்தால் கேள்வி உங்களைத் தேடி வரும். நீங்கள் அப்போது வேறு நாட்டில் இருப்பீர்கள். ஐ.டி. வரும்வரை இரண்டு ஹெட்செட்டை ஒரே இணைப்பில் சொருகும் ஒய்-கார்டு வழியாக அவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம்.

ஆறு ஷிஃப்டில் எதைச் சொல்லித் தருவது

வகுப்பறையில் சொல்லித் தந்ததையே மறுபடி சொன்னால் ஆறு ஷிஃப்டும் வீண். அங்கே வராதது எது என்று யோசியுங்கள். புதுவயல் தங்கச்சி அதற்கு ஒரு நல்ல வழி செய்தாள். மெயில் அனுப்பிய மறுநாளிலிருந்து, அடுத்த சீட்டில் இருப்பவர்கள் எந்தக் காலில் தன்னைத் திரும்பிப் பார்த்து உதவி கேட்கிறார்கள் என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டாள். பதினோரு வரி வந்தது. அதில் நான்கு ஒரே விஷயம்: முகவரி.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒரு வீதியில் தொடங்கி அடுத்த வீதியில் முடியும். முன்வாசல் ஒரு வீதியில் இருக்கும், பின்வாசல் அடுத்த வீதியில் இருக்கும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் பின்கட்டில் இருப்பார். ஃப்ரிட்ஜ் ஓடவில்லை என்று அவர் சொல்ல, நமக்கு ஃபோன் செய்வது சென்னையில் இருக்கும் ஆச்சி. ஆச்சி சொல்வது முன்வாசல் முகவரி, பதிவாவது ஆச்சியின் ஃபோன் எண். டெக்னீஷியன் பூட்டிய முன்வாசலில் நின்று கூப்பிடுவார், சென்னையில் ஃபோன் எடுக்காது. "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை" என்று புகார் மூடப்படும். மறுநாள் ஆச்சி கோபத்தோடு கூப்பிடுவார். இது மென்பொருளில் எங்கும் இல்லை, ஆனால் எங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் கால்களில் பெரும்பகுதி இதுதான்.

அவள் எழுதி வைத்த குறிப்பு இப்படி இருந்தது:

> பெரிய வீடு என்று தெரிந்தால் மூன்று கேள்வி: "ஆச்சி, நீங்க இப்ப அந்த வீட்டுலயா இருக்கீங்க, வெளியூரா?" வெளியூர் என்றால்: "வீட்டைப் பார்த்துக்கிறவங்க நம்பர் குடுங்க." பிறகு: "ஆளு வந்தா எந்த வாசலுக்கு வரணும், எந்த வீதிப் பக்கம்?" மூன்று பதிலையும் டெக்னீஷியன் பார்க்கும் கட்டத்தில் போடவும், குறிப்புக் கட்டத்தில் போட்டால் அவருடைய ஆப்பில் தெரியாது. சிலர் கதவு எண்ணுக்குப் பதில் குடும்ப இனிஷியலை மட்டும் வீட்டு அடையாளமாகச் சொல்வார்கள். அதையும் அப்படியே எழுதவும், ஊருக்குள் கேட்டால் அதை வைத்துத்தான் வழி சொல்வார்கள்.

ஒப்படைப்புக் குறிப்பு என்றால் இந்த அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். என்ன கேட்க வேண்டும், எந்தக் கட்டத்தில் போட வேண்டும், தவறினால் என்ன ஆகும். "பொறுமையாகப் பேசவும்" என்பது போன்ற வரிகள் யாருக்கும் உதவாது. எவ்வளவு நீளம் என்று கேட்பார்கள். இரண்டு பக்கம் போதும், அதற்கு மேல் கால் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் புரட்டமாட்டார்கள்.

குறிப்பில் வாடிக்கையாளர் பெயரோ ஃபோன் எண்ணோ வரக் கூடாது. முடியாத புகார்களைப் புகார் எண்ணால் மட்டும் எழுதுங்கள், மற்ற விவரம் சாஃப்ட்வேரிலேயே இருக்கிறது. குறிப்பை நிறுவனக் கணினியில் எழுதி அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். சொந்த ஃபோனில் படம் எடுத்துக்கொள்வதும் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்வதும் தகவல் கசிவு என்றே கணக்கில் வரும், நோக்கம் எதுவாக இருந்தாலும்.

பயிற்சி பலித்ததா என்று பார்க்க ஒரே அடையாளத்தைத்தான் நான் நம்புகிறேன். மூன்றாவது ஷிஃப்டில் புது ஆள் எத்தனை முறை ஹோல்டில் போட்டார், ஐந்தாவது ஷிஃப்டில் எத்தனை முறை என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை குறையாமல், பேசும் நேரம் மட்டும் குறைந்தால் அவர் கேட்க வேண்டியதைக் கேட்காமல் காலை முடித்துவிடுகிறார். அந்த வீடுகளிலிருந்து மறுநாள் மறுபடி கால் வரும்.

இடையில் வரும் சிக்கல்கள்

பதில் மெயில் வராமலே இருப்பதுதான் அடிக்கடி நடப்பது. மூன்று வேலை நாள் பார்த்துவிட்டு அதே மெயிலின் மேல், "02.03.2026 அன்று அனுப்பிய ராஜினாமாவுக்கு உங்கள் உறுதிப்பாட்டை எதிர்பார்க்கிறேன், கடைசி நாள் 01.04.2026" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். புது மெயிலாக எழுதினால் பழைய தேதி காணாமல் போய்விடும்.

"இன்னும் பத்து நாள் இருந்துட்டுப் போம்மா, ஆள் பழகலை" என்று கேட்டால் கோபப்பட வேண்டாம். கேட்பவருக்கும் நெருக்கடி இருக்கும். பயணத் தேதியைச் சொல்லி, மெயிலில் எழுதியபடி குறிப்புகளைத் தந்துவிட்டதையும் சொல்லுங்கள். நாட்கள் உண்மையிலேயே இருந்து, நீங்களும் ஒத்துக்கொண்டால், புதுக் கடைசி நாளை அவர்கள் எழுத்தில் தர வேண்டும். எதிர்ப்பக்கமும் நடக்கும்: சில நிறுவனங்கள் மெயில் வந்த அன்றே லாகினை மூடி அனுப்பிவிடும். அப்போது மீதி நோட்டீஸ் நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்பதற்கு நியமனக் கடிதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

போன பிறகு வாட்ஸ்அப்பில் சந்தேகம் கேட்பார்கள். "எப்ப வேணாலும் கேளு" என்று சொல்லிவிட்டுத்தான் எல்லோரும் போகிறார்கள். முறையைக் கேட்டால் சொல்லுங்கள். ஒரு வாடிக்கையாளர் பெயரையோ திரைப் படத்தையோ அனுப்பிக் கேட்டால், உடனே அழிக்கச் சொல்லுங்கள், பதில் சொல்லாதீர்கள். நீங்கள் இப்போது வெளி ஆள். இதனால்தான் மெயிலில் "அதன் பிறகும் உதவுகிறேன்" என்ற வரி இல்லை.

கடைசி வாரமும் கடைசி நாளும்

ஹெட்செட், அடையாள அட்டை, கதவு அட்டை, லாக்கர் சாவி எல்லாவற்றையும் ஒப்படைத்து, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்குங்கள். வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களுக்கு லேப்டாப்பும் சேரும், அதைக் கூரியரில் அனுப்பாமல் நேரில் கொடுத்துவிடுவது நல்லது. பாக்கி இல்லை என்ற படிவத்தில் ஒரு துறைக் கையெழுத்து விடுபட்டாலும் கடைசிக் கணக்கு நின்றுவிடும். ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் கிராஜுவிட்டியைத் தனியாகக் கேளுங்கள், தானாக வரும் என்று இருந்துவிட வேண்டாம்.

பி.எஃப். விஷயத்தில் ஒன்று மட்டும் மறக்காதீர்கள். நீங்கள் விலகிய தேதியை நிறுவனம் பி.எஃப். தளத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால், கடைசிப் பங்களிப்பு சேர்ந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே உறுப்பினர் தளத்தில் `Manage` என்பதில் `Mark Exit` போய்ப் பதியலாம். அதற்கு ஓ.டி.பி. வருவது ஆதாரோடு இணைத்த கைபேசிக்கு. புதுவயல் தங்கச்சியின் சிம் அப்பாவின் பழைய பட்டன் ஃபோனில் இருக்கிறது, மாதா மாதம் அவர்தான் ரீசார்ஜ் போடுகிறார். ஏப்ரல் மாதப் பங்களிப்பும் சேர வேண்டியிருந்ததால், ஜூலையில் தளத்தைத் திறந்து பார்க்கும்படி அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.